முதலில் சாவியை மாற்றுங்கள்

காரையும் கைப்பேசியையும் இணைக்கும் டொயோட்டாவின் சேவை டி-கனெக்ட். அதன் இணையதளத்தை உருவாக்கிய ஒப்பந்த நிறுவனம், 2017 டிசம்பரில் நிரலின் ஒரு பகுதியை யாரும் பார்க்கும்படி கிட்ஹப்பில் ஏற்றிவிட்டது. வாடிக்கையாளர் தகவல் இருந்த சர்வரின் ரகசியச் சாவியும் அந்த நிரலுக்குள் இருந்தது. 2022 செப்டம்பர் 15 வரை அது அப்படியே கிடந்தது. 2,96,019 மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று டொயோட்டா அறிவித்தது.

ரெப்போவை 15ஆம் தேதியே மூடிவிட்டார்கள். சாவியை மாற்றியது 17ஆம் தேதி. அந்த இரண்டு நாள் இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. ரெப்போவை மூடினால் இனி வருபவர்களைத்தான் தடுக்க முடியும். ஏற்கெனவே பிரதி எடுத்தவரிடம் உள்ள சாவி அப்போதும் வேலை செய்யும்.

சாவி இருந்த வரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒரு கமிட் போடுவதும் பலர் செய்கிற தவறு. பழைய கமிட்டை கிட் பத்திரமாக வைத்திருக்கும். அமேசான் கிளவுடின் நிரந்தரச் சாவிகள் AKIA என்று தொடங்குபவை. இதை ஓட்டினால் அவை வந்துபோன கமிட்கள் தெரியும்:

```
git log --all -S AKIA
```

அமேசானில் ஒரு பயனருக்கு இரண்டு சாவிகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதனால் புதிய சாவியை உருவாக்கிச் செயலியில் பொருத்திவிட்டு, பழையதை முதலில் முடக்கி, எதுவும் நிற்கவில்லை என்று உறுதியான பிறகு நீக்கலாம். ஆனால் சாவி பொதுவெளிக்கு வந்துவிட்டதென்றால், தளம் சற்று நேரம் நின்றாலும் பரவாயில்லை, உடனே முடக்குவதே சரி.

அடுத்து கிளவுட்-டிரெயில் பதிவைத் திறந்து பாருங்கள். கடைசி 90 நாள் நடவடிக்கைகள் அதில் இருக்கும். நீங்கள் உருவாக்காத பயனர், நீங்கள் பயன்படுத்தாத பிராந்தியத்தில் ஓடும் சர்வர் ஏதாவது இருக்கிறதா? திருடியவர் அந்தச் சாவியால் தனக்கென்று இன்னொரு பயனரை உருவாக்கியிருந்தால், பழைய சாவியை நீக்கினாலும் அவர் உள்ளேயேதான் இருப்பார்.

வரலாற்றைச் சுத்தம் செய்வது இதற்கெல்லாம் பிறகுதான். நீக்கவேண்டிய சாவியை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டு, ரெப்போவின் புதிய பிரதியில் இதை ஓட்டவேண்டும். அந்தக் கோப்பை ரெப்போவுக்கு வெளியே வையுங்கள்:

```
git filter-repo --replace-text ../keys.txt
```

இது எல்லா கமிட்களிலும் சாவியை மாற்றி எழுதிவிடும். பாதுகாப்புக்காக ஒரிஜின் இணைப்பையும் கழற்றிவிடும். அதை மீண்டும் சேர்த்து, கட்டாயப் புஷ் செய்யவேண்டும். மற்றவர்கள் எடுத்த ஃபோர்க்குகளை இது தொடாது. பழைய புல் ரெக்வெஸ்ட்களில் தங்கிய பிரதிகளை நீக்க கிட்ஹப் உதவிப் பிரிவைத்தான் கேட்கவேண்டும். குழுவில் உள்ளவர்களும் பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பழையதிலிருந்து மெர்ஜ் செய்து புஷ் செய்தாலே, நீக்கிய கமிட்கள் எல்லாம் திரும்ப ரெப்போவுக்குள் வந்துவிடும்.