பிரண்ட கால்: சுளுக்கா, எலும்பு முறிவா?

மாத்தளை மலைச்சரிவுத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடையோடு இறங்கும் பெண்ணொருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரப் படியில் பாதம் உட்புறமாகப் பிரள்கிறது. மாலைக்குள் வெளிப்பக்கம் வீங்கிவிடுகிறது. "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். சரியாகவும் கூடும். ஆனால் பாதத்தின் வெளியோர எலும்பு முறிந்திருந்தாலும் முதல் நாளில் கால் இப்படித்தான் இருக்கும்.

லிவர்பூலின் எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸுக்கே இந்தக் குழப்பம் வந்தது. நடனமாடும்போது காலைப் பிரட்டிக்கொண்ட அவர், தசைநாண் அறுந்துவிட்டதென்றுதான் முதலில் சந்தேகித்தார். எக்ஸ்ரே காட்டியதோ எலும்பு முறிவை. அதை அவர் 1902இல் எழுதி வெளியிட்டார்.

விரலால் தொட்டுப் பாருங்கள்

சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளியோரமாகக் குதிகாலை நோக்கித் தடவிச் சென்றால், பாதி வழியில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அதுதான் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பின் அடி. கெண்டைக்காலின் வெளிப்புறத் தசையொன்றின் நாண் அங்கேதான் வந்து பற்றுகிறது. பாதம் பிரளும்போது இழுவை தாங்காமல் எலும்பின் நுனி பிய்ந்துவிடலாம்.

சாதாரணச் சுளுக்கில் நோவு பெரும்பாலும் கணுக்கால் குமிழுக்குச் சற்று முன்னும் கீழும் இருக்கும். அந்தப் புடைப்பை அழுத்தும்போது சுள்ளென்று வலித்தால் எக்ஸ்ரே தேவை. அடிபட்டவுடனும் மருத்துவரிடம் போன பிறகும் நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் தேவை. 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதிகளில் இவையும் அடங்கும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வலி இல்லையென்று இந்தச் சோதனையை நம்பிவிடக் கூடாது.

கணுக்காலை மட்டும் படமெடுத்தால் இந்த முறிவு தப்பிவிடக்கூடும். வலிக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள்; பாதத்தையும் படமெடுப்பார்கள்.

ஒன்றரை சென்டிமீட்டர் செய்யும் வேறுபாடு

நுனி மட்டும் பிய்ந்திருந்தால் பெரிய கவலையில்லை. அடி கெட்டியான செருப்போ பூட்ஸோ போட்டு, வலி பொறுக்கும் அளவுக்கு நடக்கலாம். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் தேறிவிடும்.

ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே தள்ளி முறிந்தால் கதை வேறு. ஜோன்ஸின் பெயரில் வழங்கும் முறிவு இதுதான். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு. எலும்பு கூடத் தாமதமாகும், கூடாமலே போவதும் உண்டு. அதனால் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு முதல் எட்டு வாரம் காலை ஊன்றாமல் இருக்கச் சொல்வது வழக்கம். சிலருக்குத் திருகாணி வைத்து அறுவைச் சிகிச்சை செய்வார்கள். நாள் சம்பளத்தை நம்பியிருப்பவருக்கு இந்த ஓய்வு எத்தனை கடினம் என்பது தெரியும். ஆனால் ஊன்றி நடந்து எலும்பு கூடாமல் போனால் இழக்கும் வேலைநாட்கள் இன்னும் அதிகம்.

பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் படத்தில் அதே புடைப்பருகே எலும்புக்கு இணையாக ஒரு கோடு தெரியலாம். அது வளர்ச்சிக் கோடு. முறிவுக் கோடு பெரும்பாலும் குறுக்கே ஓடும்.

உருவுவதற்கு முன்

பிரண்ட அன்று காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடம் வையுங்கள். புடைப்பில் வலி இருந்தால் எக்ஸ்ரே பார்க்கும் வரை எண்ணெய் போட்டு உருவவோ, காலை இழுத்துச் சுளுக்கெடுக்கவோ யாரையும் விடாதீர்கள்.