மனநல மருத்துவருக்குப் பள்ளி ஆலோசகர் எழுதும் கடிதம்

பள்ளியில் யாரோடும் பேசாமல் ஒதுங்கிப்போகும் ஒரு பிள்ளையைக் குழந்தை மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது, பள்ளி ஆலோசகர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் வாயே திறக்காத ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடமிருந்து எதையும் அறிந்துவிட முடியாது. மாதக்கணக்கில் நாள்தோறும் பள்ளியில் தெரிந்தவற்றை அந்தக் கடிதம்தான் மருத்துவர் முன் வைக்கிறது. நோய்க்குப் பெயர் சூட்டுவது கடிதத்தின் வேலை அல்ல. கண்டதையும் கேட்டதையும் தேதியோடு சொல்வதே அதன் வேலை.

மருத்துவர் முதலில் தேடுவது, இந்த ஒதுக்கம் எப்போது தொடங்கியது என்பதை. சிறு வயதிலிருந்தே தனித்து இருந்த பிள்ளையும், ஆறு மாதத்துக்கு முன்புவரை கலகலப்பாக இருந்து திடீரென அடங்கிப்போன பிள்ளையும் வகுப்பறையில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். முதல் பிள்ளையிடம் ஆட்டிசம் இருக்கலாம், அல்லது அது வெறும் கூச்ச சுபாவமாக இருக்கலாம். இரண்டாவது பிள்ளையிடம் மனச்சோர்வோ, சக மாணவர்களின் சீண்டலோ, வெளியில் சொல்ல முடியாத ஒரு கொடுமையோ மறைந்திருக்கலாம். வீட்டில் சரளமாகப் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் வாய் மூடிக்கொள்வது இன்னொரு வகை. குளிப்பதையும் தலைவாருவதையும் விட்டுவிட்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு, பிறர் தன்னைக் கவனிப்பதாகச் சந்தேகப்பட்டு மெல்ல மெல்ல விலகிப்போவது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்க வாய்ப்புண்டு. அதைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். “மாணவி அமைதியாக இருக்கிறாள்” என்று மட்டும் எழுதிய கடிதத்தால் இவற்றில் எதையும் பிரித்தறிய முடியாது.

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். விளக்குவதற்காக உருவாக்கிய உதாரணம்தான் இது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கும் புதியவர்கள் அல்லர். “சரியான திமிர், கேள்வி கேட்டா பதிலே சொல்றதில்ல” என்று வகுப்பாசிரியர் சொல்லி ஆலோசகரிடம் அனுப்புகிறார். “திமிர்” கடிதத்தில் இடம்பெறக் கூடாது, ஏனென்றால் அது ஆசிரியரின் முடிவு. மருத்துவருக்கு வேண்டியது அந்த முடிவுக்குக் காரணமான நடத்தை. வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் பார்த்து, தோழிகளிடமும் அம்மாவிடமும் விசாரித்து, மாணவியோடு மூன்று முறை உட்கார்ந்து பேசிய பிறகு ஆலோசகர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஜூலை வரை இவர் பள்ளிக் கோ-கோ அணியில் இருந்தார். ஆகஸ்ட் நடுவிலிருந்து பயிற்சிக்கு வருவதில்லை. மதிய உணவு நேரத்தில் தனியே அமர்கிறார், பல நாள் டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புகிறது. சென்ற ஆண்டு முழுவதும் 4 நாள் மட்டுமே விடுப்பு எடுத்தவர், செப்டம்பர், அக்டோபரில் மட்டும் 11 நாள் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் 500-க்கு 412, இந்தக் காலாண்டில் 268. தலைவலி, வயிற்றுவலி என்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து, கோளாறு ஏதும் இல்லை என்றார்கள். இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பதாகவும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவதாகவும் அம்மா சொல்கிறார். சிறு வயதில் வளர்ச்சியில் குறை எதுவும் இருந்ததில்லை. தாய்வழிச் சித்தி மனநல சிகிச்சை பெற்றவர்.”

இந்தப் பத்தியில் நோயின் பெயர் எங்கும் வரவில்லை. ஆனாலும் மருத்துவருக்கு முக்கியமான மூன்று செய்திகள் கிடைத்துவிடுகின்றன: மாற்றம் தெளிவாக ஒரு காலத்தில் தொடங்கியிருக்கிறது, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருக்கிறது, படிப்பு, உணவு, உறக்கம், நட்பு எல்லாவற்றையும் தொட்டிருக்கிறது. எரிச்சலைக் குறிப்பிட்டதும் தற்செயல் அல்ல. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் கோபமாகவே வெளிப்படுவது உண்டு, அதைத்தான் பெரியவர்கள் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கடிதத்தின் மிகக் கடினமான பகுதி உயிராபத்து பற்றியது. கேட்டால் பிள்ளைக்கு அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை; கேட்காமல் விட்டால் இருக்கும் எண்ணம்தான் மறைந்தே கிடக்கும். மாணவி சொன்னதை ஆலோசகர் அவள் வார்த்தையிலேயே எழுத வேண்டும்: “‘தூங்கினா அப்படியே எந்திரிக்காம இருந்தா நல்லாயிருக்கும்னு தோணும்’ என்றார். எப்படிச் செய்வது என்று யோசித்ததில்லை, முயன்றதில்லை, உடலைக் காயப்படுத்திக்கொண்டதில்லை என்றார். குரல் எதுவும் கேட்பதில்லை என்றார். விவசாயக் குடும்பம், வீட்டில் பூச்சிமருந்து இருந்தது. அன்றே அப்புறப்படுத்தச் சொன்னோம், மறுநாள் அம்மா உறுதிசெய்தார். ஒரு வாரத்துக்குள் பார்க்க வேண்டுகிறோம்.” கேட்டு இல்லையென்று சொன்னதும் கடிதத்தில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால், கேட்கவே இல்லை என்று மருத்துவர் எடுத்துக்கொள்ள நேரிடும்.

பூச்சிமருந்தை அப்புறப்படுத்துவது சிறு விஷயமாகத் தெரியலாம். தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லை என்பதே ஓர் உயிரைக் காக்கக்கூடும். மாணவி ஒரு வழியையோ நாளையோ குறிப்பிட்டுச் சொல்லியிருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. பெற்றோரை வரவழைத்து, தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் கிடைக்காத இரவு நேரத்தில் ஆலோசனை கேட்க டெலி-மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது.

கடிதத்தை எடுத்துச் செல்பவர் அம்மாதான். உறையை ஒட்டிக் கொடுத்தாலும் வழியில் பிரித்துப் படிக்கப்படலாம் என்று நினைத்தே எழுத வேண்டும். காதல், சாதியைச் சொல்லி நடந்த சீண்டல், வீட்டுச் சண்டை போன்று மாணவி நம்பிச் சொன்னவற்றை அவள் சம்மதத்தோடு மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்வது பாதுகாப்பானது. என்ன எழுதப்போகிறோம் என்பதை முதலில் அவளிடமே படித்துக் காட்டினால், மருத்துவமனையில் அவள் வாய் திறக்க வாய்ப்பு கூடும். பாலியல் வன்முறை நடந்ததாகத் தெரிந்தால் நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், பரிந்துரைக் கடிதம் அதற்கு ஈடாகாது. இப்படித் தெரிவிக்கும் கடமை தனக்கு உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே ஆலோசகர் மாணவியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பல கடிதங்கள் “தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று முடிந்துவிடுகின்றன. அதைப் படிக்கும் மருத்துவருக்குப் பள்ளி எதை எதிர்பார்க்கிறது என்று புரிவதில்லை. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: இது மனச்சோர்வா, வேறு காரணமா? சிகிச்சை எவ்வளவு காலம் நீளலாம்? மார்ச்சில் வரும் பொதுத்தேர்வுக்கு இவரை எப்படித் தயார்செய்வது? வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்பதைத் தற்காலிகமாக நிறுத்தலாமா? ஆலோசகரின் பெயர், தொலைபேசி எண், அழைக்க ஏற்ற நேரம் மூன்றும் அடியில் இருந்தால் பதிலும் வரும்.

மருத்துவர் ஃப்ளூவாக்ஸடின் போன்ற மருந்து எழுதிக் கொடுத்தால், அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முந்தைய நாட்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்பும், அரிதாகத் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால் நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும். பகலில் அந்தப் பிள்ளை இருப்பது பள்ளியில்தான். அதனால் நல்ல பரிந்துரைக் கடிதம் இந்த வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளும்: “சிகிச்சை தொடங்கிய பின் வாரம் ஒருமுறை இவரைச் சந்திப்பேன். உடனே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய மாற்றங்கள் எவை என்று குறிப்பிட்டால், அவற்றைக் கவனித்துவருவேன்.”