132 என்பது எந்த மாசின் எண்?

மாத்தளைப் பக்கம் காற்று மாசு பற்றி எழுதப்படும் முறைப்பாட்டுக் கடிதங்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், குப்பை எரிக்கும் இடத்துக்குக் கீழ்க்காற்றில் வாழ்பவர்கள், தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்துக்கு வரும் லொறிகளின் புகையைத் தினமும் சுவாசிப்பவர்கள் என்று எல்லாரும் கைத்தொலைபேசியில் தெரியும் ஓர் எண்ணைப் படமெடுத்து, “இங்கே காற்றின் தரம் 132, உடனே நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதுகிறார்கள். சில வாரங்களில் பதில் வருகிறது: தேசிய நியமம் மீறப்படவில்லை. அத்தோடு கோப்பு மூடப்படுகிறது. எழுதியவருக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் அனுப்பிய எண்ணை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் எதையும் நிறுவ முடியாது. சும்மா இருக்க விரும்பும் அதிகாரிக்கு அதைவிட வசதி வேறில்லை.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் கடிதத்தில் எதை எழுதவேண்டும் என்பதும் தெரியும்.

காற்றுத் தரச் சுட்டெண் எந்தக் கருவியும் நேரே அளப்பதல்ல; கணக்கிட்டுப் பெறுவது. கருவி அளப்பது ஒவ்வொரு மாசின் செறிவை. ஒரு கனமீற்றர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் இருக்கிறது, ஓசோன் எவ்வளவு, நைதரசன் ஈரொட்சைட்டு எவ்வளவு, கந்தக ஈரொட்சைட்டு எவ்வளவு, காபனோரொட்சைட்டு எவ்வளவு என்று தனித்தனியே அளக்கப்படும். பிறகு ஒவ்வொரு மாசுக்கும் உரிய அட்டவணையில் அந்தச் செறிவு எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்து, 0 முதல் 500 வரையான ஓர் எண்ணாக அதை மாற்றுவார்கள். இது அந்த மாசின் துணைச் சுட்டெண். ஐந்து மாசுகளை அளந்தால் ஐந்து துணைச் சுட்டெண்கள். அவற்றில் எது மிகப் பெரியதோ, அதுவே அன்றைய சுட்டெண். கூட்டலும் இல்லை, சராசரியும் இல்லை.

ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. அட்டவணை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தினுடையது. பல கைத்தொலைபேசிச் செயலிகள் அதையே பயன்படுத்துகின்றன. 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய நுண்துகள், திரையில் PM2.5 என்று வருவது, 24 மணிநேரச் சராசரியாக 48 மைக்ரோகிராம் என்று வையுங்கள். அந்த அட்டவணையில் 35.5 முதல் 55.4 வரையான செறிவு, சுட்டெண்ணின் 101 முதல் 150 வரையான படிக்கு உரியது. 48 அந்தப் படியில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று விகிதம் பார்த்தால் போதும்:

(48 − 35.5) ÷ (55.4 − 35.5) × (150 − 101) + 101 = 132

அதே நாளில் 10 மைக்ரோமீற்றர் வரையான துகள், அதாவது PM10, 92 மைக்ரோகிராம் என்றால் அதன் துணைச் சுட்டெண் 69. ஓசோனுக்கு 25, நைதரசன் ஈரொட்சைட்டுக்கு 20, காபனோரொட்சைட்டுக்கு 9 என்று வைப்போம். ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 51 வரும். நல்ல காற்றின் எல்லை 50. அதை ஒன்றே ஒன்று தாண்டியதாகத்தான் படும். ஆனால் வெளியிடப்படும் எண் 132: ஆஸ்துமாக்காரர், குழந்தைகள், முதியவர்கள், இருதய நோயாளிகள் போன்றோருக்குக் கேடான காற்று.

இதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. ஓசோன் குறைவாக இருப்பதால் நுண்துகள் நுரையீரலுக்குள் இறங்காமல் விடுவதில்லை. சராசரி எடுத்தால் குறைவாக உள்ள மற்ற நான்கு மாசுகள் கேடான ஒன்றை மறைத்துவிடும். கூட்டினாலோ, அதிக மாசுகளை அளக்கும் நிலையத்தில் காற்று எப்போதும் மோசமாகவே தெரியும். அதனால்தான் அளந்தவற்றில் மிக மோசமானதை மட்டும் முன்னே நிறுத்துகிறார்கள். இதற்கு ஒரு குறையும் உண்டு. நுண்துகள் 99, ஓசோன் 98 என்றிருக்கும் நாளும், நுண்துகள் மட்டும் 99 ஆகவும் மற்றவை மிகக் குறைவாகவும் இருக்கும் நாளும் ஒரே 99 தான். இரண்டு மாசு சேர்ந்து தரும் சுமை அந்த எண்ணில் தெரியாது.

ஆகவே ஒரு சுட்டெண்ணைக் கண்டதும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது எந்த மாசின் எண் என்பதுதான். இரண்டாவது, வேறு எவற்றை அளந்தார்கள் என்பது. மலிவான சிறு கருவிகள் பல நுண்துகளை மட்டுமே அளக்கின்றன. அப்படிப்பட்ட கருவிக்கு முன்னால் ஒருவர் பழைய டயரை எரித்தாலும் அதிலிருந்து வரும் கந்தக ஈரொட்சைட்டு எண்ணில் ஏறாது. சுண்ணாம்பு அரைக்கும் இடத்திலிருந்து எழும் தூசில் பெரும்பகுதி பருமனான துகள். அது PM10 இல் வரும், PM2.5 இல் சிறிதளவே வரும். கூரையிலும் கறிவேப்பிலை இலையிலும் வெள்ளை படிந்திருக்கும்போதே திரையில் பச்சை நிறம் காட்டும். அளக்காத மாசுக்குத் துணைச் சுட்டெண் கிடையாது; அதை இல்லாத மாசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுபக்கம், ஒளி பாய்ச்சித் துகள் எண்ணும் சிறு கருவிகள் பனிமூட்டத்தின் நீர்த்துளிகளையும் துகளாக எண்ணி அதிகம் காட்டக்கூடும். மலைப்பக்கத்துக் காலை வேளையில் எடுத்த எண்ணை மட்டும் நம்பி எழுதினால் பதிலில் அதையே பிடித்துக்கொள்வார்கள். அருகில் கருவியே இல்லாத ஊருக்கும் செயலி ஓர் எண்ணைக் காட்டும். அது செய்மதித் தரவையும் கணினி மாதிரியையும் கொண்டு போட்ட மதிப்பீடு, உங்கள் ஊரில் எடுத்த அளவீடு அல்ல.

இன்னும் பெரிய பிழை ஒன்று உண்டு. அதே 48 மைக்ரோகிராமை இந்தியாவின் அட்டவணையில் போட்டால் சுட்டெண் 80 வரும். அங்கே அதற்குப் பெயர் திருப்திகரம். காற்று ஒன்றுதான், அட்டவணை வேறு. நமது நாட்டில் 2008 ஓகஸ்டில் திருத்தப்பட்ட சுற்றாடல் காற்றுத் தர ஒழுங்குவிதிகளின்படி PM2.5 க்கு 24 மணிநேர எல்லை 50 மைக்ரோகிராம், PM10 க்கு 100. ஆக 132 என்று அச்சுறுத்தும் அந்த நாள், இலங்கைச் சட்டப்படி எல்லைக்குள் அடங்கிய நாள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வழிகாட்டி அளவோ 15 தான். நியமம் மீறப்படவில்லை என்ற பதில் சட்டப்படி சரி. அதற்காக அந்தக் காற்று உடம்புக்கு நல்லதென்று ஆகிவிடாது. இந்த வித்தியாசத்தை எழுதுபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எண்ணை மட்டும் எழுதாதீர்கள். மாசின் பெயர், செறிவு, எத்தனை மணிநேரச் சராசரி, எந்தக் கருவி, எந்த இடம் என்று எழுதுங்கள்.

சராசரி நேரத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூளை மூட்டும் இரண்டு மணிநேரம் நுண்துகள் 200 வரை ஏறி, மற்ற 22 மணிநேரமும் 20 இல் நிற்கிறது என்று வையுங்கள். நாள் சராசரி 35; சுட்டெண் 99. அந்த இரண்டு மணிநேர அளவை மட்டும் அதே அட்டவணையில் போட்டால் 275. முறைப்பாட்டாளர் 275 என்பார், அதிகாரி 99 என்பார், இருவரும் ஒரே கருவியைத்தான் பார்த்திருப்பார்கள். நாள் சராசரியோடு மணிக்கு மணி எடுத்த தரவையும் கேட்டு வாங்கினால்தான் புகை வரும் நேரமும் சூளை மூட்டும் நேரமும் ஒன்று என்று காட்ட முடியும். பக்கத்திலேயே ஒரு கொப்பியில் திகதி, நேரம், காற்று அடித்த திசை, எரிந்த பொருள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசு காரணமாக நாட்டில் பாடசாலைகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். மாண்டஸ் புயல் கரையேறவிருந்த அந்த நாட்களில் இந்தியப் பக்கத்திலிருந்து மாசு அடித்துவரப்பட்டதாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. வெளியிலிருந்து வரும் மாசுக்கு உள்ளூர்ச் சூளையைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளூர்ச் சூளையின் புகைக்கு வெளிக்காற்றைச் சாட்டவும் விடக்கூடாது. மணித்தரவும் காற்றுத் திசையும் கையில் இருந்தால்தான் இரண்டையும் பிரித்துக் காட்டலாம்.

இனி, எங்கே போவது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் 1981 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அழைப்போடு நின்றால் ஒரு தடயமும் இருக்காது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அன்றே மாத்தளை மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் கடிதம் அனுப்புங்கள். புகை விடும் தொழில் எதுவானாலும் முதலில் கேட்கவேண்டியது, அதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் உண்டா என்பது. சிறு தொழில்களுக்கு அதை வழங்குவது அந்தந்தப் பிரதேச சபை அல்லது மாநகர சபை, பெரியவற்றுக்கு அதிகாரசபை. இந்த இடத்தில்தான் மக்களை அலைக்கழிக்கிறார்கள். சபைக்குப் போனால் அதிகாரசபைக்குப் போ என்பார்கள், அங்கே போனால் சபையைப் பார் என்பார்கள். ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கும் முகவரியிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதி வைத்து அனுப்பினால் அந்த விளையாட்டு குறையும்.

தரவு கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு எழுதும்போது காற்று நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன இடத்துக்கு அருகே இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை அளக்கப்பட்ட ஒவ்வொரு மாசின் மணிநேரச் செறிவு, அளக்கப்படாத மாசுகள் எவை, வெளியிட்ட சுட்டெண்ணைத் தீர்மானித்த மாசு எது, எந்த அட்டவணை பயன்பட்டது, குறித்த தொழிலின் அனுமதிப்பத்திர இலக்கம், முடிவுத் திகதி, நிபந்தனைகள், கடைசிப் பரிசோதனை அறிக்கை. தமிழிலேயே எழுதுங்கள். வடகிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலகத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. தோட்டப்புறத்தில் பலர் சிங்களத்தில் எழுத ஆள் தேடியே மாதக்கணக்கை விடுகிறார்கள்.

பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்காமல் வராதீர்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. இந்த நாட்களைத் தவறவிட்டுத்தான் நல்ல முறைப்பாடுகள் பல வீணாகின்றன. திகதியைக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுங்கள்.

தரவு வரும்வரை காத்திருக்க முடியாத அளவுக்குப் புகை வீட்டுக்குள் வந்தால், பொலிஸில் முறையிட்டு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன் பொதுத்தொல்லை வழக்காகக் கொண்டுபோகக் கேட்கலாம். அதற்குச் சுட்டெண் தேவையில்லை. கொப்பிக் குறிப்பு, புகைப்படம், அயலவரின் வாக்குமூலம், ஆஸ்துமாவுக்கு வைத்தியசாலையில் எடுத்த துண்டு ஆகியவை வேண்டும். அங்கேயும் யாராவது “சேர், செயலியில் 132” என்று தொடங்கினால் தடுத்து, எந்த மாசு, எத்தனை மைக்ரோகிராம், எத்தனை மணிநேரம் என்று சொல்லச் சொல்லுங்கள்.