இரவின் வெப்பமும் நெல்லின் விளைச்சலும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் தொடர்வண்டி, பயணத்தின் இறுதிப் பகுதியில் நாஞ்சில் நாட்டு நெல் வயல்களைக் கடந்து செல்கிறது. பகல் முழுவதும் அவ்வயல்களில் பயிர் வெயிலைப் பயன்படுத்தி உணவு உண்டாக்குகிறது. கதிரவன் மறைந்த பின்னும் பயிரின் வேலை ஓய்வதில்லை. இரவில் அது செய்யும் வேலையை அறிந்தால், பகல் வெப்பம் பெரிதும் மாறாத ஆண்டிலும் விளைச்சல் குறைவது ஏன் என்பது விளங்கும்.

பகலில் இலைகள் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரையை உருவாக்குகின்றன. இதுவே ஒளிச்சேர்க்கை. பயிர் உயிர் வாழ்வதற்கு இச்சர்க்கரையில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். இச்செலவுக்குச் சுவாசித்தல் என்று பெயர். வரவு பகலில் மட்டுமே உண்டு. செலவோ இரவும் பகலும் நடக்கிறது. காற்று வெப்பமாக இருந்தால் சுவாசித்தல் விரைவாகிறது. ஆகவே, இரவு வெப்பம் உயரும்போது கதிர்மணிக்குச் சேர வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கு இலையிலும் தண்டிலுமே செலவாகிவிடுகிறது.

பிலிப்பைன்சு நாட்டின் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தமிழக உழவர் நன்கறிந்த ஐ.ஆர்.8 நெல் 1966 ஆம் ஆண்டு இங்கிருந்தே வெளிவந்தது. இந்நிலையத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரை பதிவான வெப்பநிலைகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். பகலின் உச்ச வெப்பநிலை 0.35 பாகை மட்டுமே உயர்ந்திருந்தது. இரவின் குறைந்த வெப்பநிலையோ 1.13 பாகை உயர்ந்திருந்தது. 1992 முதல் 2003 வரையிலான நெல் விளைச்சலை இவற்றோடு ஒப்பிட்டபோது, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு பாகை கூடினால் விளைச்சல் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. பகல் வெப்பத்தின் மாற்றத்திற்கும் விளைச்சலுக்கும் அத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை. இம்முடிவு 2004 இல் வெளியிடப்பட்டது.

இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் அறியலாம். ஒரு வயலில் பகல் வெப்பம் 32 பாகை, இரவு வெப்பம் 23 பாகை எனக் கொள்வோம். இவற்றின் சராசரி 27.5 பாகை. மற்றோர் ஆண்டில் பகல் அதே 32 பாகையாக இருக்க, இரவு 24 பாகையாகிறது. இப்போது சராசரி 28 பாகை. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அரைப் பாகை உயர்வே தெரியும். ஆனால், லாஸ் பானோஸ் அளவின்படி எக்டருக்கு 6 டன் தந்த வயல் 5.4 டன்தான் தரும். இழப்பு 600 கிலோ. இதனாலேயே இரவின் அளவைத் தனியே குறித்து வைப்பது இன்றியமையாதது.

இரவு வெப்பம் வேறு வகையிலும் பயிரைத் தாக்குகிறது. பூக்கும் காலத்தில் மகரந்தம் வலிமை இழந்தால் கதிரில் பதர் மிகும். பால் பிடிக்கும் காலத்தில் மணி சீராக நிறையாவிட்டால், அரிசி சுண்ணம் போன்ற வெண்மை கொண்டு, அரவையில் உடைந்து நொய்யாகும்.

கோதுமை குளிர்காலப் பயிர். இரவு குளிர்ந்திருந்தால் அதன் மணி நிறைவதற்கு அதிக நாள்கள் கிடைக்கும். வெப்பமானால் பயிர் விரைந்து முதிர்ந்து மணி சிறுக்கும். மெக்சிகோ நாட்டின் கோதுமை வயல்களில் சில ஆண்டுகள் இரவுகள் குளிர்ந்தபோது விளைச்சல் கூடியதை ஆய்வாளர்கள் கண்டனர். லாஸ் பானோசில் கண்டதன் மறுபக்கம் இது.

இரவு ஏன் வெப்பமாகிறது? பகலில் சூடேறிய நிலம், இரவில் அவ்வெப்பத்தை வானை நோக்கி வெளியிடுகிறது. முகிலும் நீராவியும் கரியமில வாயுவும் அதில் ஒரு பகுதியைத் தடுத்து மீண்டும் நிலத்திற்கே அனுப்புகின்றன. முகில் மூடிய இரவு, தெளிந்த வானுள்ள இரவைவிட வெதுவெதுப்பாக இருப்பது இதனாலேயே.

10 விழுக்காடு என்பது எல்லா வயலுக்கும் பொருந்தும் விதியன்று. அது ஒரு பண்ணையில், ஒரு பருவத்தில் கண்ட அளவு. மேலும், முகில் மிகுந்த நாள்களில் இரவு வெப்பம் கூடும்போதே பகல் ஒளியும் குறையும். இழப்பில் எது எவ்வளவு என்று வயலில் பிரித்தறிவது கடினம். ஆகவே அறிஞர்கள் ஒளியை மாற்றாமல், இரவு வெப்பத்தை மட்டும் உயர்த்திப் பயிரைச் சோதிக்கின்றனர். அச்சோதனைகளில் இழப்பு நெல் வகைக்கு வகை வேறுபடுகிறது. வெப்ப இரவைத் தாங்கும் வகையைத் தேர்வதும், பூக்கும் காலம் குளிர்ந்த இரவுகளில் அமையுமாறு விதைக்கும் நாளை மாற்றுவதும் உழவருக்கு உள்ள வழிகளாகும்.

அருஞ்சொற்பொருள்
பதர் – உள்ளீடு இல்லாத நெல்
நொய் – உடைந்த சிறு அரிசி
பாகை – வெப்பத்தை அளக்கும் அலகு (செல்சியசு)

வினாக்கள்
1. பயிரின் வரவு எது? செலவு எது?
2. சராசரி வெப்பநிலையை மட்டும் பார்த்தால் எது மறைந்துவிடும்?
3. முகில் மிகுந்த நாள்களில் இழப்பின் காரணத்தைப் பிரித்தறிவது ஏன் கடினம்?