பாதியில் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும்?

வருடச் சந்தாவை நடுவில் ரத்து செய்தால், பயன்படுத்தாத நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தருவதாகச் சில நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் அந்த நாட்களை எப்படி எண்ணுகிறார்கள், ஒரு நாளுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறிவிடும்.

ஒரு வீட்டு பிராட்பேண்ட் இணைப்பை எடுத்துக்கொள்வோம். வருடக் கட்டணம் 7,300 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,314 ரூபாய். ஆக, கட்டியது 8,614. சந்தா 2025 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. வீடு மாறுவதால் ஆகஸ்ட் 31-உடன் நிறுத்துகிறார்கள்.

முதலில் பயன்படுத்திய நாட்கள். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31; மொத்தம் 153. கடைசித் தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்தால் 152 தான் வரும். தொடங்கிய நாளும் முடிந்த நாளும் இரண்டுமே பயன்படுத்திய நாட்கள் என்பதால் ஒன்று கூட்ட வேண்டும். 365-இல் 153 போக மீதி 212 நாள். சந்தாக் காலத்துக்குள் பிப்ரவரி 29 வந்தால் 366-ஐ வைத்துக் கணக்கிட வேண்டும்.

7,300-ஐ 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 20 ரூபாய். 212 நாளுக்கு 4,240. அந்தத் தொகைக்கு உரிய வரி 763 ரூபாய் 20 காசு. இரண்டும் சேர்ந்து 5,003 ரூபாய் 20 காசு வர வேண்டும். வெறும் 4,240 மட்டும் வந்தால் வரிப் பங்கு விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். நிறுவனம் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் வரி தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரத்து செய்ய 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று விதி இருந்து, அதைக் கொடுக்காமல் விட்டால், அந்த நாட்களும் பயன்படுத்திய கணக்கில் சேர்ந்துவிடலாம்.

இதைவிடப் பெரிய வெட்டு விலையில் விழும். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியதால் கிடைத்த தள்ளுபடி, முழு வருடமும் இருப்பவருக்கு மட்டும்தான் என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். நிறுத்தியதும், பயன்படுத்திய மாதங்களுக்கு மாதாந்திர விலையைப் போடுவார்கள். இதே இணைப்புக்கு மாதம் 800 ரூபாய் என்றால் ஐந்து மாதத்துக்கு 4,000. திரும்புவது 3,300-உம் அதற்கான வரி 594-உம், ஆக 3,894 ரூபாய். நாள் கணக்கைவிட 1,100 ரூபாய்க்கு மேல் குறைவு.

இந்த முறையில் ஒன்பது மாதம் ஓடிவிட்டால் 7,200 கழிந்துவிடும். வரி போக மிஞ்சுவது 100 ரூபாய். பத்தாம் மாதம் முடிந்து நிறுத்தினால் இரண்டு மாதம் பாக்கி இருந்தும் ஒன்றும் வராது. எனவே பணம் கட்டும் முன்பே, ரத்து விதியில் பயன்படுத்திய காலத்துக்கு எந்த விலை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட வேண்டும். எழுதியபடி தராவிட்டால், பில்லையும் ரத்து செய்த தேதிக்கான மின்னஞ்சலையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.