பவர் கொடுத்தாயிற்று, வங்கி ஏற்குமா?

குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரத்தில் குடும்பத்தை நடத்துவது மனைவி. வங்கியில் கணவர் பெயரில் என்ஆர்இ கணக்கு. பையனின் கல்லூரிக் கட்டணம், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கொத்தனார் கூலி, முதிர்ந்த டெபாசிட்டைப் புதுப்பிப்பது எல்லாம் மனைவியின் பொறுப்பு. ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் அவரிடமே இருக்கும். ஓடிபி குவைத்துக்குப் போய், வாட்ஸ்அப்பில் திரும்பி வரும்.

பல வீடுகளில் இதுதான் நடைமுறை. சிக்கல் வராதவரை ஓடும். பெங்களூரில் 2013-ல் ஒரு பெண் தன் கார்டைக் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுக்கச் சொன்னார். இயந்திரம் பணம் தரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. ரகசிய எண்ணை இன்னொருவரிடம் சொன்னதே விதிமீறல் என்று வங்கி வாதிட்டது. 2018-ல் நுகர்வோர் மன்றமும் வங்கியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கட்டிய கணவன் என்பதெல்லாம் எடுபடவில்லை.

முறையான வழிகள் இரண்டு. ஒன்று, வங்கியே வைத்திருக்கும் அதிகாரக் கடிதப் படிவம். வங்கிக்காரர்கள் ‘மேண்டேட்’ என்பார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து கிளைக்குப் போய்க் கையெழுத்திட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அன்றாடப் பணம் எடுக்கவும் கட்டவும் இது போதும். இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது, ஆவணம் எழுதுபவரிடம் போய் வீடு, நிலம், வங்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது வழியான பவர் பத்திரம், ஊருக்கு வர முடியாதபோதோ வங்கி அதைத்தான் கேட்கும்போதோ தேவைப்படும்.

அப்படி எழுதுவதானால், முதலில் கிளையில் அவர்களுடைய மாதிரி வாசகம் இருக்கிறதா என்று மனைவி கேட்டு வாங்கி அனுப்புவது நல்லது. ‘வங்கி வேலைகளைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பொத்தாம்பொதுவான வரியைச் சட்டப் பிரிவு பெரும்பாலும் திருப்பிவிடும். கணக்கு எண், கிளை, பணம் எடுப்பது, காசோலையில் கையெழுத்திடுவது, டெபாசிட்டைப் புதுப்பிப்பது, முன்கூட்டியே முடிப்பது என்று தனித்தனியாக இருக்க வேண்டும்.

அடுத்த இடறல் பெயர். ஆதாரில் ‘கா. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் காசி’, கணக்கில் ‘காசிமுருகன்’ என்றிருந்தால் மூன்றும் ஒரே ஆள்தானா என்று வங்கி கேட்கும். பத்திரத்தில் பாஸ்போர்ட் பெயரை எழுதி, மற்ற வடிவங்களும் தன்னையே குறிக்கும் என்று ஒரு வரி சேர்ப்பது பின்னால் நடையைக் குறைக்கும். கையெழுத்தும் வங்கியில் பதிந்த கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் தமிழில் போட்டவர் இப்போது ஆங்கிலத்தில் போட்டால் அங்கேயே நின்றுவிடும்.

பத்திரத்தை அறையிலேயே கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பினால் செல்லாது. குவைத்தில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பச் சேவைக்கு நேரில் போய், அங்கேதான் கையெழுத்திட வேண்டும். சிங்கப்பூர், ஓமன் போன்ற நாடுகளில் உள்ளூர் நோட்டரி முன் கையெழுத்திட்டு ‘அப்போஸ்டில்’ முத்திரை பெறும் வழியும் உண்டு. பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

பிறகு அசல் பத்திரத்துடன் கிளைக்கு. மனைவியின் ஆதார், பான், புகைப்படம், மாதிரிக் கையெழுத்து, கணவரின் பாஸ்போர்ட், விசா நகல்கள் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, கணவரின் பதிவான மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ உறுதி கேட்பார்கள். வங்கிப் பதிவேட்டில் ஏறிய பிறகே பத்திரத்துக்கு உயிர்.

ஏறிய பிறகும் எல்லை உண்டு. என்ஆர்இ கணக்கிலிருந்து உள்ளூரில் ரூபாயில் செலுத்தலாம், அனுமதிக்கப்பட்ட முதலீடு செய்யலாம், வெளிநாட்டிலிருக்கும் கணவருக்கே திருப்பி அனுப்பலாம். கணவர் பெயரில் புதிதாக என்ஆர்இ கணக்குத் திறக்க முடியாது. தம்பி கல்யாணத்துக்கு ஐம்பதாயிரத்தை அன்பளிப்பாகக் கொடுக்க நினைத்தால், பவரை வைத்து மனைவி அதைச் செய்ய முடியாது; கணவரே இணைய வங்கியில் அனுப்ப வேண்டும்.

‘மனைவி பெயரையும் கணக்கில் சேர்த்துவிட்டேனே’ என்பார்கள். உள்நாட்டில் இருக்கும் உறவினரை என்ஆர்இ கணக்கில் ‘முதலாமவர் அல்லது பிழைத்திருப்பவர்’ என்ற முறையில்தான் சேர்க்க முடியும். கணவர் இருக்கும்வரை, தனி அதிகாரம் இல்லாமல் மனைவி அதை இயக்க முடியாது.

அதிகாரத்தைத் திரும்பப் பெற நினைத்தால், உறவினரிடம் போனில் சொன்னால் போதாது. கிளைக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பவர் அந்தக் கணமே முடிந்துவிடும். அதன்பின் பணம் நாமினிக்குப் போகும் வழி வேறு, அதற்கான படிவமும் வேறு. அதையும் விடுமுறையில் மேண்டேட் போடும் அன்றே கொடுத்துவிடலாம்.