ஹெர்ட்ஸ் குறைந்தால் வோல்ட்டும் குறைய வேண்டும்

கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் இழை அறாமல் ஓட, காற்றின் ஈரப்பதம் ஓரளவுக்குக் கீழே போகக் கூடாது. ஈரக்காற்றை ஆலைக்குள் தள்ளும் பெரிய விசிறிகளைச் சுழற்றுவது இண்டக்‌ஷன் மோட்டார்கள். மழைக்காலத்தில் அவ்வளவு காற்று வேண்டியிருக்காது. விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, காற்றுப் பாதையைத் தகடால் மறிப்பது பழைய வழி. விஎஃப்டி என்ற டிரைவ் மோட்டாரையே மெதுவாக ஓட்டுகிறது. விசிறியின் வேகம் 80 சதவீதமானால், அதற்குத் தேவைப்படும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நான்கு துருவம், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டேட்டர் சுருள்களில் மூன்று பேஸ் மின்சாரம் பாய்ந்ததும், உள்ளே ஒரு காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. ரோட்டார் அதைத் துரத்தும், எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்னோட்டமே தூண்டப்படாது, திருப்புவிசையும் இருக்காது. அதனால்தான் முழுச் சுமையில் அது 1440 சுற்று அளவில் ஓடுகிறது. புலத்தின் வேகம் துருவ எண்ணிக்கையையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. துருவங்கள் சுருள் சுற்றும்போதே முடிவாகிவிட்டன. எனவே டிரைவ் அதிர்வெண்ணை மாற்றுகிறது: 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் புலம் 750 சுற்றுக்கு இறங்கும்.

ஆனால் 415 வோல்ட்டை அப்படியே விட்டுவிட்டு ஹெர்ட்ஸை மட்டும் பாதியாக்கினால் மோட்டார் தாங்காது. மின்னழுத்தம் ஒவ்வொரு திசையிலும் இருமடங்கு நேரம் நீடிப்பதால், இரும்புக்குள் காந்தப் பாயமும் இருமடங்காக முயலும். சாதாரண ஓட்டத்திலேயே அந்த இரும்பு காந்த நிறைவை நெருங்கி நிற்கிறது. அதற்கு மேல் கொஞ்சம் பாயம் ஏற்றவும் மிக அதிக மின்னோட்டம் வேண்டும். மோட்டார் உறுமும், சூடேறும், கடைசியில் சுருளின் காப்பு கருகும்.

ஆகவே டிரைவ் இரண்டையும் சேர்த்தே இறக்குகிறது. 415-ஐ 50-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். 40 ஹெர்ட்ஸில் 332 வோல்ட், 25 ஹெர்ட்ஸில் சுமார் 208 வோல்ட். காந்தப் பாயம் மாறாததால் திருப்புவிசைத் திறனும் குன்றாது.

இதற்காக டிரைவ் முதலில் மின்சாரத்தை சுமார் 585 வோல்ட் டிசியாக மாற்றுகிறது. பிறகு ஐஜிபிடி என்ற சுவிட்சுகள் நொடிக்குச் சில ஆயிரம் முறை திறந்து மூடி, அதைத் துடிப்புகளாக நறுக்குகின்றன. துடிப்பின் அகலம் கூடிக் குறைவதிலிருந்தே மோட்டாருக்கு வேண்டிய வோல்ட்டும் ஹெர்ட்ஸும் பிறக்கின்றன.

இந்த விகிதத்துக்கும் எல்லை உண்டு. சில ஹெர்ட்ஸ் அளவில் சுருளின் மின்தடையே வோல்ட்டில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அங்கே கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஏற்றுவதற்கு வோல்ட் மிச்சமில்லை. காந்தப் பாயம் மெலியும், வேகம் கூடக்கூட இழுவை குறையும்.

நடைமுறையில் அடிக்கடி நேரும் பிழை அமைப்பில்தான். அடிப்படை அதிர்வெண் தவறுதலாக 60 என்று பதிவாகியிருந்தால், 50 ஹெர்ட்ஸில் மோட்டாருக்கு 346 வோல்ட்தான் போகும். சுமை ஏறியதும் அது திணறி, அதிக ஆம்பியர் இழுக்கும். டிரைவின் திரையில் வெளியீட்டு வோல்ட்டைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரை நம்பக் கூடாது. நறுக்கிய துடிப்புகளை அது தவறாகக் காட்டலாம். மோட்டாரின் தகட்டில் உள்ள 415, 50 ஆகிய எண்களை டிரைவில் பதிந்துவிட்டால் விகிதம் சரியாகிவிடும்.